அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் சிலபஸ் காட்டி கிரெடிட் கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் நான்கு செமஸ்டர் முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, டிரான்ஸ்கிரிப்டும் அனுப்பியாயிற்று. அதற்கு மேல் சிலபஸ் எதற்குக் கேட்கிறார்கள்?

டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் எண், பெயர், கிரெடிட், கிரேடு இவ்வளவுதான் இருக்கும். "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்" என்ற பெயரைப் பார்க்கும் ஒருவருக்கு, அதில் எவ்வளவு மேட்ரிக்ஸ், எவ்வளவு கால்குலஸ் என்று தெரிய வழியில்லை.

அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் அட்மிஷன் அலுவலகமோ ரெஜிஸ்ட்ரார் அலுவலகமோ உங்கள் மொத்தப் படிப்பைப் பார்த்து, இத்தனை கிரெடிட் ஏற்கிறோம் என்று பதிவு செய்யும். தங்கள் பாடங்களில் எதோடு பொருந்துகிறது என்று உடனே தெரியாதவற்றைப் பொது எலெக்டிவ் என்ற தலைப்பில் போட்டுவிடும். இரண்டாவது கட்டத்தில் நீங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்தந்தத் துறையின் பேராசிரியர் சிலபஸைப் படித்துப் பார்த்து, "இது எங்கள் கால்குலஸ் ஒன்றுக்குச் சமம்" என்று எழுதித் தர வேண்டும்.

இந்த இரண்டாவது கட்டம்தான் உங்கள் காசையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. எலெக்டிவாக 60 கிரெடிட் ஏறியிருந்தாலும், கால்குலஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் நேரடிப் பாடங்களாக ஏறாவிட்டால், அவற்றை முன்தகுதியாகக் கேட்கும் மேல்வகுப்புப் பாடங்களில் நீங்கள் பதிவு செய்ய முடியாது. எண்ணிக்கையில் மூன்றாம் ஆண்டு மாணவர், பாடங்களில் முதலாம் ஆண்டு மாணவர் என்ற நிலை வந்துவிடும். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் படிக்கும் குடும்பத்துக்கு அது பெரிய சுமை. அதனால்தான் சிலபஸ் விஷயத்தில் சோம்பல் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே 88 கிரெடிட் முடித்தேன். மதிப்பீட்டு அறிக்கையில் 60 சொச்சம்தான் வந்திருக்கிறது. மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்?

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் பி.இ. பட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் 160க்கு மேல் கிரெடிட் வருகிறது. அமெரிக்க இளநிலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட்டில் முடிகிறது. அங்கே ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு ஏறத்தாழ 30 கிரெடிட். நீங்கள் படித்தது இரண்டு ஆண்டு என்பதால், வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி அறிக்கை தரும் மதிப்பீட்டு நிறுவனங்கள் அதை இரண்டு ஆண்டுக்கு உரிய 60 சொச்சமாகச் சுருக்கித் தருவது வழக்கம். அப்படிச் சுருக்கும்போது 4 கிரெடிட் பாடம் 3க்குக் கீழே இறங்கலாம். 3 கிரெடிட் பாடம் 2 என்றுகூட ஆகலாம்.

இதில் நீங்கள் கேட்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வீட்டு வேலையுமாக, சுமார் 15 வாரம் என்பது அடிப்படை. நம் சிலபஸின் அடியில் "மொத்தம்: 45 பீரியட்" என்று அச்சிட்டிருக்கும். 45 பீரியடை 15 வாரத்தால் வகுத்தால் வாரம் 3. வகுப்பு நேரத்தைப் பார்த்தால் இது அவர்களுடைய 3 கிரெடிட் பாடத்தின் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. பாடப் பொருத்தம் கேட்கும் விண்ணப்பத்தில் இதை ஒரு வரியாக எழுதுங்கள். மொத்தக் கிரெடிட்டைக் கூட்டித் தரமாட்டார்கள். ஆனால் "கிரெடிட் குறைவு, அதனால் சமமில்லை" என்று ஒரு துறை சொல்ல வந்தால், பீரியட் கணக்கு உங்களுக்குத் துணை நிற்கும்.

சிலபஸ் எங்கே வாங்குவது? நெட்டில் இருக்கும் பி.டி.எஃப். போதுமா, முத்திரை வேண்டுமா?

இணைப்புக் கல்லூரி மாணவர் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் cac.annauniv.edu தளத்தில் துறைவாரியாக முழு சிலபஸும் கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரி வெளியிட்டதைத்தான் எடுக்க வேண்டும். பாட எண்ணும் உள்ளடக்கமும் வேறாக இருக்கும்.

முக்கியமாக, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய ரெகுலேஷன் எது என்று பாருங்கள். 2017 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணக்கு MA8151, 2021 ரெகுலேஷனில் MA3151. டிரான்ஸ்கிரிப்டில் ஓர் எண்ணும் சிலபஸில் வேறு எண்ணும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று சீனியர் கொடுத்த பிரதியை அனுப்பிவிடாதீர்கள்.

முத்திரை பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி. பலருக்கு தளத்தில் இருக்கும் பி.டி.எஃப். போதும். சிலர் கல்லூரி முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் கேட்பார்கள். இங்கிருந்து கிளம்பும் முன்பே ஒரு செட் முத்திரையோடு வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. விமானம் ஏறிய பிறகு அப்பாவையோ தம்பியையோ கல்லூரிக்கும் வீட்டுக்கும் அலையவிடுவது வேண்டாத சிரமம்.

எங்கள் சிலபஸ் ஒரு பாடத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான். அங்கே "முழு சிலபஸ்" வேண்டும் என்கிறார்கள். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

நம் சிலபஸில் நோக்கங்கள், ஐந்து யூனிட், பீரியட் எண்ணிக்கை, கற்றல் விளைவுகள், பாடநூல்கள் இருக்கும். அமெரிக்கப் பேராசிரியர் சிலபஸ் என்று எதிர்பார்ப்பதில் வாரவாரி அட்டவணை, வீட்டுப்பாடம், தேர்வு முறை, மதிப்பெண் பங்கீடு எல்லாம் இருக்கும். அவர் தேடும் பாதி தகவல் நம் தாளில் இல்லை.

இதை நிரப்பும் ஆவணங்கள் உங்கள் கல்லூரியிலேயே இருக்கின்றன. என்.பி.ஏ., நாக் ஆகிய தர மதிப்பீட்டு அமைப்புகளின் பரிசீலனைக்காக ஒவ்வொரு ஆசிரியரும் கோர்ஸ் ஃபைல் வைத்திருப்பார். லெசன் பிளான், அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வு வினாத்தாள் எல்லாம் அதில் இருக்கும். துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்டு லெசன் பிளானின் நகலை வாங்குங்கள். எந்த நாளில் எந்தத் தலைப்பு நடத்தினார்கள் என்று அதில் இருப்பதால், வாரவாரி அட்டவணையின் இடத்தை அது நிரப்பும். மதிப்பெண் பங்கீட்டுக்கு ரெகுலேஷன் பி.டி.எஃப்.பில் உரிய பக்கத்தை இணையுங்கள். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. கூடவே ஒரு பல்கலைக்கழக வினாத்தாளும் வைத்தால் பாடம் எவ்வளவு ஆழம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

எந்த நிலையிலும் சிலபஸை நீங்களே தட்டச்சு செய்து "விரிவாக்கி" அனுப்பாதீர்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாடம் நிராகரிக்கப்படுவதோடு நிற்காது. போலி ஆவணம் என்று ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும்.

MA3151 மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் நான்கு கிரெடிட், ஏ பிளஸ் வாங்கியிருக்கிறேன். அதைக் காட்டி கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் கேட்கலாமா?

கேட்டால் மூன்றுமே கைவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. இந்தப் பாடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

MA3151 மொத்தம் 60 பீரியட், யூனிட்டுக்கு 12. முதல் யூனிட் மேட்ரிக்ஸ்: ஐகன் மதிப்புகள், கேலி–ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவங்கள். இரண்டாவது, ஒரு மாறியின் வகையிடல்: லிமிட், தொடர்ச்சி, வகைக்கெழு, பெருமம், சிறுமம். மூன்றாவது, பல மாறிகளின் பகுதி வகையிடல். நான்காவது, தொகையிடல்: பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம், முறையற்ற தொகை. ஐந்தாவது, இரட்டைத் தொகையும் மும்மைத் தொகையும்.

அமெரிக்காவில் கால்குலஸ் ஒன்று என்பது லிமிட்டில் தொடங்கி வகைக்கெழு, அதன் பயன்பாடுகள் வழியாக, தொகையிடலின் அடிப்படைத் தேற்றம் வரை. கால்குலஸ் இரண்டு என்பது தொகையிடல் முறைகள், முறையற்ற தொகை, அதன்பின் முடிவிலாத் தொடர்கள். கால்குலஸ் மூன்று வெக்டர், பகுதி வகையிடல், பன்மடித் தொகை, கடைசியில் கிரீன், ஸ்டோக்ஸ் தேற்றங்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்குலஸ் ஒன்றின் தலைப்புகள் நம் இரண்டாம் யூனிட்டிலும் நான்காம் யூனிட்டின் முற்பகுதியிலும் வந்துவிடுகின்றன. கால்குலஸ் இரண்டில் தொகையிடல் முறைகள் இருக்கின்றன, ஆனால் முடிவிலாத் தொடர் நம்மிடம் கிடையாது. கால்குலஸ் மூன்றில் நடுப்பகுதி இருக்கிறது, வெக்டர் கால்குலஸ் கிடையாது. லீனியர் அல்ஜீப்ராவுக்கு ஒரே ஒரு யூனிட்தான்; வெக்டர் ஸ்பேஸ் தொடவே இல்லை. நான்கு பாடங்களில் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால், தெளிவாகக் கேட்காவிட்டால் "எதற்கும் சமமில்லை, எலெக்டிவ்" என்ற பதில் வரும்.

கேட்க வேண்டியது கால்குலஸ் ஒன்று மட்டும். அதற்கு உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. MA3151 சிலபஸின் பாடநூல் பட்டியலில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் கால்குலஸ் நூல் இருக்கிறது. இரண்டாம், நான்காம் யூனிட்டுகளுக்கு அந்த நூலின் எந்தெந்தப் பிரிவுகள் என்பதும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இதே நூலை வைத்துத்தான் அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகள் கால்குலஸ் நடத்துகின்றன. நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் சிலபஸை இறக்கி, அவர்கள் நடத்தும் ஸ்டூவர்ட் பிரிவுகளையும் நம் பட்டியலில் இருக்கும் பிரிவுகளையும் ஒரே அட்டவணையில் நேருக்கு நேர் வையுங்கள். படிப்பவருக்கு யூகிக்க எதுவும் மிச்சமிருக்காது.

கால்குலஸ் இரண்டுக்கு வேறு வழி. முடிவிலாத் தொடர் இல்லை என்பதை நீங்களே விண்ணப்பத்தில் ஒத்துக்கொண்டு, வகுப்புக்குப் போகாமலே தேறி கிரெடிட் பெற துறை நடத்தும் சேலஞ்ச் தேர்வு எழுத அனுமதி கேளுங்கள். ஸ்டூவர்ட் நூலில் 11ஆம் அத்தியாயம் முழுக்க அந்தத் தொடர்கள்தான். தொகையிடல் உங்களுக்குப் பழக்கம் என்பதால், அந்த ஓர் அத்தியாயத்தை ஊன்றிப் படித்துவிட்டுத் தேர்வு எழுதலாம். எல்லாத் துறையும் இப்படித் தேர்வு வைப்பதில்லை. இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

ஒரு மறுப்பு வரக்கூடும்: "எங்கள் கால்குலஸ் ஒன்று ஒரு செமஸ்டர் முழுக்க, உங்களிடம் 20 பீரியடுக்குச் சற்று மேல்தானே?" அது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு மாணவர்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பிலேயே வகையிடலும் தொகையிடலும் படித்துவிட்டு வருகிறார்கள், கல்லூரிப் பாடம் அதன் மேல் கட்டப்படுகிறது என்று விளக்கி, மேல்நிலை மதிப்பெண் பட்டியலை இணைக்கலாம். பள்ளிப் பாடத்துக்குத் தனியாகக் கிரெடிட் கிடைக்காது, ஆனால் வேகத்துக்கான காரணம் புரியும்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தியரிக்குத் தனி எண், லேபுக்குத் தனி எண். எதை அனுப்புவது?

இரண்டையும் ஒன்றாக. CS3301 தியரி 3 கிரெடிட், CS3311 லேப் 1.5 கிரெடிட். அமெரிக்காவில் புரோகிராமிங் பயிற்சி பாடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். தியரியை மட்டும் அனுப்பினால் "நிரல் எழுதிய ஆதாரம் இல்லை" என்பார்கள். ஒரே விண்ணப்பத்தில் "இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் ஒரு பாடத்துக்கு ஈடு" என்று எழுதி, லேபின் சோதனைப் பட்டியலையும் வையுங்கள். பைத்தானுக்கும் அப்படித்தான்: GE3151, GE3171 இரண்டும் ஒரு ஜோடி.

இங்கே இன்னொரு சிக்கல், மொழி. நம் CS3301 சி மொழியில் நடக்கிறது. அவர்கள் ஜாவாவிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ நடத்தலாம். தலைப்புகளில் குறை இருக்காது: லிஸ்ட், ஸ்டாக், கியூ, மரங்கள், கிராஃப், வரிசைப்படுத்தல், ஹாஷிங் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் ஜாவா என்றால், CS3391 ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கையும் அதன் லேபையும் துணை ஆதாரமாகக் குறிப்பிடுங்கள். அந்தப் பாடத்தை ஏற்கெனவே அவர்களுடைய இரண்டாவது புரோகிராமிங் பாடத்துக்கு ஈடாகக் கேட்டிருந்தால், இங்கே மறுபடி கிரெடிட் கேட்கவில்லை, மொழி தெரியும் என்பதற்காக மட்டும் காட்டுகிறேன் என்று தெளிவாக எழுத வேண்டும். ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் எண்ணமாட்டார்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா?

படிப்பவர் ஒரு பேராசிரியர். அவர் முடிவு செய்ய வேண்டியது பாடம் சமமா என்ற ஒன்றை மட்டும். கடனைப் பற்றிச் சொன்னால் அவர் மனம் இளகலாம், ஆனால் கையெழுத்துப் போட அது அவருக்குக் காரணம் ஆகாது. ஒரு பாடத்துக்கு ஒரு விண்ணப்பம், ஒரு பக்கம். முதல் வரியிலேயே "என் இந்தப் பாடத்தை உங்கள் இந்தப் பாடத்துக்குச் சமமாக ஏற்கும்படி கேட்கிறேன்" என்று இரண்டு பாட எண்களோடு எழுதுங்கள். அடுத்து கிரேடு, செமஸ்டர், பீரியட் கணக்கு. அதன் கீழே அட்டவணை: இடப்பக்கம் அவர்கள் சிலபஸின் தலைப்பு, வலப்பக்கம் நம் சிலபஸில் அது இருக்கும் யூனிட்டும் இணைப்பின் பக்க எண்ணும். பொருந்தாத தலைப்பு இருந்தால் அந்த வரியையும் மறைக்காமல் வைத்து, "இல்லை" என்று எழுதுங்கள். எட்டில் ஏழு பொருந்துவதை நேர்மையாகக் காட்டும் அட்டவணையை நம்புவார்கள். எட்டும் பொருந்துவதாக இழுத்துக் காட்டினால் ஏழையும் சந்தேகிப்பார்கள்.

தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் இரண்டும் படித்தேன். அதற்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு உண்டு, கேட்டால்தான். ஒவ்வொன்றும் 1 கிரெடிட். அங்கே ஹியூமானிடீஸ் பாடம் ஒன்று பொதுவாக 3 கிரெடிட் என்பதால், இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுப் பாடத்தின் இடம் நிரம்பாது. ஹியூமானிடீஸ் எலெக்டிவ் என்று வகை மாற்றித் தரும்படி கேளுங்கள். சிலபஸ் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது, அதனால் மொழிபெயர்ப்புச் செலவு கிடையாது. நடுகல், தெருக்கூத்து, சங்க இலக்கியம் பற்றிப் படித்ததை வெறும் "இதர" கணக்கில் விட்டுவிட வேண்டியதில்லை.

எந்தப் பாடங்களைக் கேட்பதே வீண்?

புரொபஷனல் இங்கிலீஷைக் காட்டி அவர்களுடைய முதலாண்டு எழுத்துப் பயிற்சிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. அங்கே ஆய்வுக் கட்டுரையைப் பலமுறை திருத்தி எழுதுவதுதான் அந்தப் பாடமே. அமெரிக்க வரலாறு, அரசமைப்பு சார்ந்த பாடங்களுக்கு நம்மிடம் ஈடு கிடையாது. உதாரணமாக டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் சட்டப்படியே கட்டாயம். இவற்றுக்குத் திட்டத்தில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அரியர் இருக்கும் பாடத்தைத் தேர்ச்சி பெறும் வரை கேட்க முடியாது. தேர்ச்சி பெற்றிருந்தாலும் மதிப்பீட்டு அறிக்கையில் அது அமெரிக்க "சி" கிரேடுக்குக் கீழே மாறியிருந்தால் பல துறைகள் ஏற்பதில்லை. நம் ஊர் பாஸ் மார்க்கும் அவர்களுடைய சியும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக ஏற்கப்பட்ட பாடத்தின் கிரெடிட் மட்டும்தான் வரும், கிரேடு அங்கே ஜி.பி.ஏ.வில் சேராது. இங்கே எடுத்த 'ஓ' கிரேடு அங்கே சராசரியை உயர்த்தாது.

நிராகரித்துவிட்டார்கள். "போதிய பொருத்தம் இல்லை" என்று ஒரே வரி. இனி என்ன செய்வது?

எந்தத் தலைப்பு இல்லை என்று மரியாதையாகக் கேட்டு அட்வைசருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். தலைப்பு உண்மையிலேயே இல்லை என்றால், சேலஞ்ச் தேர்வு அல்லது அந்தப் பாடத்தை அங்கே படிப்பது. தலைப்பு இருந்தும் அவர் கண்ணில் படவில்லை என்றால், லெசன் பிளானையும் வினாத்தாளையும் இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம். புதிய ஆதாரம் இல்லாமல் அதே தாளை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும். மூன்றாவது, நிலை வேறுபாடு: நாம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் டேட்டாபேஸ் பாடம் அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடமாக இருக்கலாம். கீழ்நிலைப் பாடத்தை மேல்நிலைக்கு ஈடாக ஏற்கக் கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு. அங்கே கிரெடிட் தராவிட்டாலும் "முன்தகுதியிலிருந்து மட்டும் விலக்கு" தரலாம். அதையாவது கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் ஏற்கப்பட்டால் ஒன்றரை ஆண்டில் முடித்துவிடலாமா?

கணக்குப் போடும் முன் இரண்டு விதிகளைப் பாருங்கள். ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே குறைந்தது இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்ற வரம்பு. பல இடங்களில் அது 30. துறைப் பாடங்களுக்குத் தனி வரம்பும் இருக்கும். மற்றொன்று விசா. எஃப்-1 விசாவில் இளநிலை மாணவர் பொதுவாக ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் பதிவு செய்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதி செமஸ்டர் நடுவில் வந்து மோதும். கால்குலஸுக்குப் பதிவு செய்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, பழைய கால்குலஸ் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வரும். மகிழ்ச்சியில் வகுப்பை விட்டால் பதிவு 12க்குக் கீழே இறங்கலாம். விடாமல் படித்து முடித்தாலோ, ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது என்பதால் ஏற்கப்பட்ட பழைய கிரெடிட் போய்விடும். ஆகவே முடிவு முதல் செமஸ்டர் பதிவுக்கு முன்பே கையில் இருக்கும்படி, இடம் உறுதியானவுடன் விண்ணப்பங்களை அனுப்புங்கள். கோடை விடுமுறையில் துறைப் பேராசிரியர்கள் பலர் ஊரில் இருப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். நடுவில் கடிதம் வந்துவிட்டால், எதையும் கைவிடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, வேறொரு பாடத்தைச் சேர்த்த பிறகே அதை விடுங்கள்.